வேலை தெரிந்தவள்தான், ஆனால் ஃபைலைத் திறக்கவே மாட்டேன்

நோகோ, 9 ஜூன், இரவு 11.40

தெரியாத வேலையைத் தள்ளிப் போடுவது புரிகிறது. நன்றாகத் தெரிந்த வேலையைத் தொடங்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறேனே, அது ஏன்?

அம்பத்தூர் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் 16 வருஷமாகத் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தால் 8-டி அறிக்கை எழுதுவது என் பொறுப்பு. எட்டுப் படி. மூன்றாம் படியில், தப்பான பாகம் இனி ஒன்றுகூட வெளியே போகாமல் உடனே என்ன தடுப்பு வைத்தோம் என்று சொல்ல வேண்டும். நாலாவதில் மூல காரணம். டி3-ஐ 24 மணி நேரத்தில் கேட்பார்கள். டி4-க்கு இரண்டு வாரம்வரை பொறுப்பார்கள்.

போன மாதம் ஒரு புஷ், ஷாஃப்ட் நுழைகிற துளையுள்ள பாகம். உள்விட்டம் 20 எச்7. மூன்று பீஸ் ஷாஃப்டில் இறுக்கமாகப் போகிறது என்று புகார். அன்று மாலையே கிடங்கில் இருந்த ஸ்டாக்கைத் தனியே ஒதுக்கி, ஆள் போட்டு நூறு சதவீதம் துளையில் கேஜ் விட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டோம். அதாவது டி3-இல் எழுத வேண்டிய வேலை முடிந்துவிட்டது. எழுதுவது மட்டும்தான் பாக்கி. அரைப் பக்கம்.

நாலாம் நாள் அனுப்பினேன்.

அந்த நாலு நாளும் சும்மா இருக்கவில்லை. துளையை அளவுக்குக் கொண்டுவரும் ரீமர் தேய்ந்ததா, இல்லை மெஷினில் இருந்து சூடாக எடுத்தபடியே கேஜ் பார்த்தார்களா என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். எஃகு 20 டிகிரி சூடு இறங்கினால் 20 மில்லிமீட்டர் துளை நாலைந்து மைக்ரான் சுருங்கும். சூட்டில் நுழைந்த கேஜ் ஆறின பிறகு நுழையாமல் போகலாம். எது காரணம் என்று உறுதியாகத் தெரியாமல் டி3-ஐ அனுப்பினால் அரைகுறை வேலை என்று நினைப்பார்களே என்று பயம். ஃபைலைத் திறந்த ஒரே தடவையும் லோகோ இருக்கும் கட்டத்தின் அகலத்தைச் சரிசெய்து 40 நிமிஷம் போனது. சேமித்த பெயர் `8D_bush_final_v3.xlsx`. உள்ளே டி1-இல் குழு உறுப்பினர் பெயர் மட்டும் இருந்தது.

வாடிக்கையாளர் தரப்பில் கோபம், மூன்று பீஸ் பற்றி இல்லை. மூன்று நாள் சத்தமே இல்லாமல் இருந்ததற்கு. எங்களைக் கன்ட்ரோல்டு ஷிப்பிங்கில் போட்டார்கள். இனி ஒவ்வொரு லாட்டுக்கும் கூடுதல் சோதனை, எங்கள் செலவில்.

---

மொட்டைமாடி, 10 ஜூன், காலை 7.15

தம்பி, இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். கெடு நெருங்கினால் தானாக வரும். நான் எல்லாக் கட்டுரையையும் கடைசி இரவில்தான் எழுதுவேன், அதுதான் நன்றாகவும் வரும். உங்களுக்கு 24 மணி நேரம் என்பது கெடுவாகவே தோன்றவில்லை, அவ்வளவுதான். கடுமையான கெடு வைத்துக்கொள்ளுங்கள்.

---

நோகோ, 10 ஜூன், காலை 8.02

தம்பி இல்லை, அக்கா. வயதைக் கேட்காதீர்கள்.

கெடு இருந்தது. தாண்டினேன். ஆனால் நீங்கள் சொன்னதில் பாதி சரி. நாலாம் நாள் காலை மேலாளர் பக்கத்தில் வந்து நின்றதும் 25 நிமிஷத்தில் எழுதி முடித்தேன். அதே ஆள், அதே தகவல்கள்தான். அப்படியானால் நாலாம் நாள் எனக்குள் எது மாறியது?

---

கடைசிமேஜை, 10 ஜூன், பகல் 1.30

காலை 4.30-க்கு எழுந்து குளித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சோம்பேறித்தனம் எல்லாம் ஓடிப்போகும். என் மகனுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

---

நோகோ, 10 ஜூன், பகல் 1.44

முதல் ஷிப்ட் ஆறு மணிக்கு. 4.30-க்கு எழுந்துதான் வருகிறேன் ஐயா.

---

ஊசிநூல், 10 ஜூன், மாலை 6.20

எனக்கு உங்கள் மெஷின் விஷயம் எதுவும் தெரியாதுங்க. தையல் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பொண்ணு பட்டு பிளவுஸ் வந்தால் எனக்கும் இப்படித்தான். துணியை மேஜையில் விரிப்பேன், மடிப்பேன், மறுபடி விரிப்பேன். போன தை மாதம் ஒரு பிளவுஸ் 12 நாள் வெட்டாமல் கிடந்தது. இருபது வருஷமாகத் தைக்கிறேன், அளவு தப்பியதில்லை. ஆனாலும் கத்தரி வைத்தால் திரும்ப ஒட்ட முடியாதே.

இப்போது ஒன்று செய்கிறேன். காடாத் துணியில் முதலில் ஒரு பிளவுஸ் வெட்டி, பெரிய தையலாக ஓட்டி, அதை அந்தப் பொண்ணுக்குப் போட்டுப் பார்ப்பேன். காடாவை வெட்டும்போது கை நடுங்குவதே இல்லை. மீட்டர் என்ன விலை பெரிசா?

---

நோகோ, 10 ஜூன், இரவு 10.15

ஊசிநூல் அக்கா, இதைத்தான் நான் யோசித்ததே இல்லை. உங்கள் பட்டு திரும்ப ஒட்டாது, அதனால் உங்கள் பயத்தில் நியாயம் உண்டு. என் டி3 ஒரு எக்ஸெல் கட்டம். நாளைக்குத் திருத்தி மறுபதிப்பு அனுப்பலாம். 8-டி அமைப்பே அப்படித்தான், ஒவ்வொரு படியாக நிரப்பி அனுப்பிக்கொண்டே போவது. காடாத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு பட்டுக்கு நடுங்குகிற மாதிரி நடுங்கியிருக்கிறேன்.

---

சன்னலோரம், 11 ஜூன், மாலை 4.50

உளவியல் ஆலோசனை என் தொழில். இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் போக மனம் வரவில்லை.

மொட்டைமாடி சொன்ன கடைசி இரவில் நடப்பது இது. நேரம் தீர்ந்துவிட்டால் “நேரமில்லை, அதனால்தான் இப்படி” என்று ஒரு சாக்கு கிடைத்துவிடுகிறது. அறிக்கை மோசமாக வந்தாலும் பழி நேரத்தின் மேல் போகும், உங்கள் திறமைக்குச் சேதம் இல்லை. நோகோ அக்காவின் நாலாம் நாளும் அதுதான். மேலாளர் வந்து நின்றதும் சிறப்பாக எழுத வேண்டிய கட்டாயம் போய்விட்டது, எழுதினாலே போதும் என்று ஆகிவிட்டது. கெடு உங்களை உந்தியது என்பதைவிட, சுமாராக எழுத அனுமதி தந்தது என்பதே சரி.

உயர்ந்த தரம் எதிர்பார்ப்பது மட்டுமே தள்ளிப்போட வைப்பதில்லை. 2017-இல் சிரோயிஸும் கூட்டாளிகளும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். உயர்ந்த இலக்கு வைத்துக்கொள்பவர்கள் தள்ளிப்போடுவது குறைவாகவே இருந்தது. தப்பு செய்துவிடுவோமோ, பிறர் என்ன நினைப்பார்களோ என்ற கவலைதான் தள்ளிப்போடுதலோடு சேர்ந்து வந்தது. ஆகவே “தரத்தைக் குறைத்துக்கொள்” என்று உங்களிடம் சொல்வதில் பயனில்லை, சொன்னாலும் கேட்க மாட்டீர்கள்.

ஆக்ஸ்ஃபோர்டில் ஷஃப்ரான், கூப்பர், ஃபேர்பர்ன் மூவரும் 2002-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இன்னொன்று உண்டு, என்னிடம் வருபவர்களிடம் அதை அடிக்கடி பார்க்கிறேன். இலக்கைத் தொடாவிட்டால் தன்னையே திட்டிக்கொள்வார்கள். தொட்டுவிட்டால் “அப்படியானால் இலக்கு சுலபமாக இருந்திருக்கும்” என்று ஏற்றிவிடுவார்கள். எந்தப் பக்கம் விழுந்தாலும் தோல்விதான். இப்படிப்பட்ட ஆட்டத்தைத் தொடங்காமல் இருப்பதே லாபம் என்று மனசு கணக்குப் போட்டுவிடுகிறது.

---

நோகோ, 11 ஜூன், இரவு 11.05

முதல் பாதியைப் படித்ததும் கோபம் வந்தது. என் தரம் ஒன்றும் அநியாய உயரம் இல்லையே என்று. பிறகு பாத்திரம் தேய்க்கும்போது தோன்றியது.

20 எச்7 என்றால் துளை 20.000-இலிருந்து 20.021 வரை இருக்கலாம். 21 மைக்ரான் இடம். கேஜின் சிறிய முனையான கோ நுழைந்தது, பெரிய முனையான நோ-கோ நுழையவில்லை, பாஸ். புது ஆட்கள் யாராவது “அக்கா, இது 20.010, நட்டநடுவில் இருக்கிறது, இன்னும் நல்ல பீஸ்” என்று வந்தால் நானே சிரித்து அனுப்பியிருக்கிறேன். உள்ளே இருந்தால் உள்ளேதான். டிசைன்காரர் யாராவது பழக்கதோஷத்தில் எச்5 போட்டு வந்தால் சண்டை பிடிப்பேன். இடம் 9 மைக்ரானாகச் சுருங்கிவிடும், ரீமரில் நிற்காது, அரைக்க வேண்டும், விலை ஏறும், அதில் ஓடும் ஷாஃப்டுக்கு அது தேவையே இல்லை.

இரும்புக்கு இவ்வளவு நியாயம் பேசுகிற நான் என் எழுத்துக்கு டாலரன்ஸே கொடுக்கவில்லை. பூஜ்யத்துக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் எழுது என்று சொன்னால் எந்த மெஷினாலும் முடியாது. அப்புறம் நான் மட்டும் எப்படி.

---

கடைசிமேஜை, 12 ஜூன், காலை 9.00

அப்பா அம்மா 98 வாங்கினால் ரெண்டு மார்க் எங்கே என்று கேட்டிருப்பார்கள். அங்கேதான் ஆரம்பம்.

---

நோகோ, 12 ஜூன், காலை 9.20

எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் அப்பா மார்க் ஷீட்டைப் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். எங்கிருந்து வந்தது என்று எனக்கே விளங்கவில்லை.

---

சன்னலோரம், 12 ஜூன், இரவு 8.30

வந்த வழி தெரியாமலே வெளியே வந்தவர்கள் நிறையப் பேர். செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். அடுத்த டி3-ஐ எழுதும் முன் ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள். எதை விட்டுவிட்டு அனுப்பப் போகிறீர்கள், அனுப்பினால் என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்கள், அது நடக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு. அப்புறம் அனுப்புங்கள், நடந்ததைக் கீழே எழுதுங்கள். மனசுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள், தாளில் வேண்டும். மனசு நினைவை மாற்றிவிடும், “எனக்கு அப்போதே தெரியும்” என்று சொல்லும்.

---

நோகோ, 20 ஜூன், இரவு 9.50

இன்று காலை ஒரு புகார் வந்தது. வேறு பாகம், விளிம்பில் பிசிறு. தாளில் எழுதியது அப்படியே:

“டி4 காலியாக விடுவேன், ‘ஆய்வு நடக்கிறது’ என்று மட்டும். புகைப்படம் வைக்க மாட்டேன். பயம்: அவர்களுடைய தர இன்ஜினியர் உடனே போன் செய்து, காரணம்கூடத் தெரியாமல் அனுப்புவதா என்று கேட்பார், மேலாளருக்கும் நகல் போடுவார். 80 சதவீதம்.”

11.10-க்குத் தொடங்கி 11.35-க்கு அனுப்பினேன். அனுப்பும் பொத்தானை அழுத்தும் முன் ஒரு தடவை கழிப்பறை போய் வந்தேன். சிரிக்காதீர்கள்.

2.20-க்குப் பதில் வந்தது. ஒரே வரி: லாரியில் வந்துகொண்டிருக்கும் சரக்கின் எண்ணிக்கை என்ன? எனக்குக் கேவலமாகப் போய்விட்டது. மூல காரணத்தைப் பற்றி அந்த ஆளுக்கு இன்று அக்கறையே இல்லை. அவருடைய லைன் நாளைக்கு ஓடுமா என்பதுதான் கேள்வி. அதை நான் எழுதியே இருக்கவில்லை.

---

நோகோ, 21 ஜூன், காலை 6.40

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். “கேவலமாகப் போய்விட்டது” என்பது மிகை. கொஞ்சம் சிரிப்பும் வந்தது. 80-க்குக் கீழே 0 என்று எழுதி வட்டம் போட்டேன். உடனே மனசு சொன்னது: இது சின்னப் புகார், அதனால்தான் திட்டவில்லை. சன்னலோரம் சொன்ன அந்த ஏற்றுதல் வேலைதான்.

---

ஊசிநூல், 21 ஜூன், காலை 10.10

கழிப்பறை போனதுக்குச் சிரிச்சுட்டேன், மன்னிச்சுக்கோங்க.

---

நோகோ, 4 ஜூலை, இரவு 11.30

தப்பாகிவிட்டது.

இரண்டு வாரத்தில் நாலு அறிக்கை இப்படி வேகமாக அனுப்பினேன். ஐந்தாவதில் லாட் எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் இடம் மாறிவிட்டது, 4471-க்குப் பதில் 4417. வாடிக்கையாளர் கிடங்கில் நல்ல லாட்டை ஓரமாக ஒதுக்கிவிட்டு, பார்க்க வேண்டிய லாட்டை லைனுக்கு விட்டுவிட்டார்கள். மறுநாள் காலை நானே கண்டுபிடித்துப் போன் செய்தேன். நல்ல வேளையாக 60 பீஸ்தான் ஓடியிருந்தது, அத்தனையையும் அவர்கள் எடுத்துச் சோதிக்க வேண்டியதாகிவிட்டது. மன்னிப்புக் கேட்டேன்.

இரவு எட்டு மணிக்கு எல்லாப் பழைய ஃபைல்களையும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். “போதும்” என்பது எனக்கு ஒத்துவராது என்று எழுத நினைத்தேன். எழுதவும் எழுதினேன். இப்போது அழிக்கிறேன்.

---

மொட்டைமாடி, 5 ஜூலை, காலை 7.30

அதனால்தான் அன்றே சொன்னேன், கடைசி நேரத்தில் செய்தால் பயத்தில் கவனம் இருக்கும்.

---

சன்னலோரம், 5 ஜூலை, பகல் 12.40

மொட்டைமாடி, கடைசி நேர அவசரத்தில்தான் இலக்கங்கள் இன்னும் அதிகம் இடம் மாறும்.

நோகோ அக்கா, ஒன்று கேட்கிறேன். நீங்கள் தொடங்காமல் இருந்த காலத்தில் எழுதிய அறிக்கைகளில் லாட் எண்ணை எத்தனை தடவை சரிபார்த்தீர்கள்?

---

நோகோ, 5 ஜூலை, பகல் 1.15

ஒரு தடவைகூட இல்லை. கட்டத்தின் அகலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

---

நோகோ, 7 ஜூலை, இரவு 10.20

இரண்டு நாள் யோசித்து இதற்கு வந்தேன். வரைபடத்தில் எல்லா அளவுக்கும் ஒரே மரியாதை கிடையாது. பாதுகாப்போ பொருத்தமோ எதைச் சார்ந்திருக்கிறதோ, அந்த அளவுக்கு மட்டும் தனிக் குறி போட்டிருப்பார்கள். அதை ஒவ்வொரு லாட்டிலும் அளந்து பதிவு வைப்போம். மீதி அளவுகளை எப்போதாவது எடுத்துப் பார்ப்போம். எல்லாவற்றையும் முக்கியம் என்று குறி போட்டு அனுப்பும் வரைபடத்தை நாங்கள் மதிப்பதில்லை. முக்கியமானதே அதில் தெரியாமல் போய்விடும்.

டி3-இல் குறி போட வேண்டியவை மூன்றே மூன்று: பாக எண், லாட் எண், எங்கெங்கே எத்தனை பீஸ் இருக்கிறது என்ற கணக்கு. கணக்கில் எங்கள் கிடங்கு, லாரி, அவர்கள் கிடங்கு மூன்றும் தனித்தனியாக வர வேண்டும். இந்த மூன்றையும் நான் எழுதுவேன், கிடங்குத் தம்பி சீட்டைப் பார்த்துச் சத்தமாகப் படிப்பான், நான் திரையில் பார்ப்பேன். அதற்கு டாலரன்ஸ் பூஜ்யம்தான். மீதிக்கெல்லாம் ஒரு வாசிப்பு. வாக்கியம் கோணலாக இருந்தால் இருக்கட்டும். லோகோ கட்டத்தைத் தொட்டால் ஐந்து ரூபாய் அபராதம், டீ டப்பாவில்.

அபராதம் இதுவரை 35 ரூபாய்.

---

ஊசிநூல், 8 ஜூலை, மாலை 5.00

எங்களுக்கும் அப்படித்தான். மார்பும் தோளும் சரியாக இருக்கணும். உள்பக்கத் தையல் கோணினா யாரு திருப்பிப் பாக்கப் போறா? என் மாமியார் பார்ப்பாங்க, அது வேற கதை.

---

கடைசிமேஜை, 8 ஜூலை, இரவு 9.10

அன்று சோம்பேறித்தனம் என்றது தப்புதான், அக்கா. என் மகனுடைய விஷயம் கேட்கலாமா? இன்ஜினியரிங் கடைசி வருஷம், ப்ராஜெக்ட் ரிப்போர்ட் ஒரு வரியும் எழுதவில்லை. கேட்டால் இன்னும் படிக்க வேண்டும் என்கிறான். இதுவும் இதேதானா?

---

சன்னலோரம், 8 ஜூலை, இரவு 10.45

இங்கிருந்து சொல்ல முடியாது. அவருக்குப் பிடித்த விஷயங்களையாவது தொடங்குகிறாரா, தூக்கம், சாப்பாடு எப்படி என்று பாருங்கள். எதிலுமே நாட்டம் இல்லை என்றால் மனச்சோர்வாக இருக்கலாம். சின்ன வயதிலிருந்தே எதிலும் கவனம் நிற்காதவர் என்றால் அது வேறு, நேரில் காட்டுங்கள். ரிப்போர்ட் மட்டும்தான் நின்றிருக்கிறது என்றால் உட்கார்ந்து, மோசமான ஒரு பக்கம் எழுதி உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் அதைத் திருத்தக் கூடாது. அதுதான் கஷ்டம், உங்களுக்கு.

---

நோகோ, 19 ஆகஸ்ட், இரவு 10.00

அறிக்கைகள் பரவாயில்லை. டி3 எல்லாம் அன்றைக்கே போகிறது. லாட் எண் இதுவரை மாறவில்லை. கன்ட்ரோல்டு ஷிப்பிங்கிலிருந்து போன வாரம் வெளியே வந்தோம், ஆனால் அதற்கு அறிக்கை மட்டும் காரணமில்லை, ரீமர் மாற்றும் கணக்கை மாற்றியதும் ஒரு காரணம். புஷ்ஷுக்கு மூல காரணம் கடைசியில் ரெண்டுமேதான். ரீமரும் தேய்ந்திருந்தது, சூட்டிலேயேதான் கேஜும் பார்த்திருக்கிறார்கள். மே மாதம் காத்திருந்ததால் அது ஒரு நாள்கூட முன்னதாகத் தெரிந்திருக்காது.

ஆனால் வேறொன்று நின்ற இடத்திலேயே நிற்கிறது. புதிதாக வரும் பையன்களுக்காகக் கேஜ் பிடிப்பது பற்றித் தமிழில் ஒரு சின்னக் குறிப்புப் புத்தகம் எழுத வேண்டும் என்று மூன்று வருஷமாக நினைக்கிறேன். அதற்கு யாரும் கெடு வைக்கவில்லை, கோபப்படவும் ஆள் இல்லை. தாளில் பயத்தை எழுதிப் பார்த்தேன், “யாரும் படிக்க மாட்டார்கள், 60 சதவீதம்” என்று வந்தது. அதை எப்படிச் சோதிப்பது? எழுதாமல் இருந்தால் 100 சதவீதம் படிக்க மாட்டார்கள் என்பது தெரியும். தெரிந்தும் நகரவில்லை. சன்னலோரம் என்ன சொல்வாரோ, கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

---

சன்னலோரம், 20 ஆகஸ்ட், காலை 8.15

எனக்கும் இதற்கு நல்ல பதில் இல்லை. கேட்பவர் இல்லாத வேலைக்கு ஒருவரைக் கேட்க வைக்கலாம் என்று சொல்வேன். சிலருக்கு அது வேலை செய்கிறது, சிலருக்குப் புதுப் பயமாகிவிடுகிறது.

---

நோகோ, 2 செப்டம்பர், மாலை 7.30

புத்தகம் இல்லை. காடாத் துணி மட்டும். ஒரு பக்கம் கையால் எழுதி, கேஜ் மேஜைக்கு மேலே செல்லோ டேப் போட்டு ஒட்டினேன். தலைப்புகூட வைக்கவில்லை. ரெண்டு எழுத்துப் பிழை இருந்தது, பார்த்தேன், விட்டேன்.

இன்று பார்த்தால் கீழே யாரோ நீல மையில் எழுதியிருக்கிறார்கள்: “அக்கா, நோ-கோ நுழையக் கூடாதுன்னு போட்டிருக்கீங்க. எவ்வளவு அழுத்தினா நுழையக் கூடாதுன்னு போடலை. நம்ம ஆளுங்க அமுக்கி அமுக்கிப் பாக்கறாங்க.”

நியாயம்தான். அழுத்தவே கூடாது, கேஜ் தன் எடையில் போனால் போகிறது, போகாவிட்டால் போகவில்லை. இது எனக்கு 16 வருஷமாகத் தெரியும், அதனாலேயே எழுதத் தோன்றவில்லை. அவன் எழுதியதற்குப் பக்கத்திலேயே சேர்த்துவிட்டேன்.